பில் 634 வெள்ளி, கேஷ்பேக் 60 காசு: எதைக் காட்டிக் கேட்பது?

செங்காங்வாசி:
மாதம் 600 வெள்ளி செலவழித்தால் மளிகைக்கு 6% கேஷ்பேக் என்ற கார்டு. ஜூனில் 634 வெள்ளி ஆகியிருந்தது. மளிகை மட்டும் 200க்கு 12 வெள்ளி வரவேண்டும், வந்தது 60 காசு, அதாவது சாதாரண 0.3%. வாடிக்கையாளர் சேவையில் இருந்த பெண் ரொம்ப மரியாதையாக "உங்கள் ஜூன் செலவு 582 வெள்ளிதான் சார்" என்றார். கையில் ஆப்பைத் திறந்து வைத்திருக்கிறேன், அதில் 634 என்று தெரிகிறது. அந்த 582 எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்கு "சிஸ்டம் அப்படிக் காட்டுகிறது" என்று சொல்லி முடித்துவிட்டார். பன்னிரண்டு வெள்ளி பெரிதில்லை, அந்தப் பதில்தான் இன்னும் உறுத்துகிறது.

தேக்கா பக்கம்:
கடை கோடுதான் காரணம், சந்தேகமே வேண்டாம். ஒவ்வொரு கடைக்கும் நான்கு இலக்க எம்சிசி இருக்கிறது, மளிகை என்றால் 5411. நான் மாதாமாதம் அரிசி வாங்கும் கடை வேறு ஏதோ கோடில் பதிவாகியிருக்கிறது, அதனால் எனக்கு ஒரு காசும் வந்ததில்லை. கடைக்காரரைக் கேட்டால் அவருக்கே தெரியவில்லை. கடையை மாற்றிப் பாருங்கள்.

ஜூரோங் அக்கா:
எனக்கு வேறு கதை. வாலட்டில் க்யூஆர் ஸ்கேன் செய்தால் 5 வெள்ளி திரும்பும் என்றார்கள். நான் ஸ்கேன் செய்தேன், ஆனால் பணம் பேநவ் வழியாக வங்கிக் கணக்கிலிருந்து போய்விட்டது. கல்லா மேல் ஒட்டியிருந்தது எஸ்ஜிக்யூஆர், ஒரே சதுரத்தில் எல்லாம் வேலை செய்யும், எந்த ஆப்பைத் திறந்து ஸ்கேன் செய்கிறோமோ அந்த வழியில்தான் பணம் போகும். வாலட்காரர்கள் "எங்கள் மூலம் நடக்காத பரிவர்த்தனை" என்றார்கள், அதற்கு என்னிடம் பதில் இல்லை. இதற்கு எங்கே புகார் கொடுப்பது?

உட்லண்ட்ஸ்காரன்:
தேக்கா நண்பரே, கோடு சிக்கலாக இருந்தால் அந்தச் செலவுக்கு 6% கிடைக்காது, ஆனால் மொத்தம் 634 பொதுவாகக் குறையாது. இங்கே மொத்தமே 52 குறைந்திருக்கிறது. செங்காங் அண்ணே, ஜூன் கடைசியில் சரியாக 52 வெள்ளிக்கு ஏதாவது வாங்கினீர்களா? அதைத் தொட்டால் விவரத்தில் இரண்டு தேதி இருக்கும்: கார்டைத் தட்டிய நாள், கணக்கில் ஏறிய நாள். கடைக்காரர் அன்றன்றைக்கு மெஷினை செட்டில் செய்யாமல் விட்டாலோ, நடுவில் வாரயிறுதி வந்தாலோ இரண்டாவது தேதி தள்ளிப்போகும். கணக்கில் ஏறும்வரை ஆப்பில் அது 'பெண்டிங்' என்றுதான் நிற்கும். 29ஆம் தேதி தட்டியது ஜூலையில் ஏறியிருந்தால் உங்கள் 582க்கு அதுதான் விடை.

அப்புறம் சலுகை விதிமுறையின் பிடிஎஃப்பைத் திறந்து 'போஸ்டட்' என்ற சொல்லைத் தேடுங்கள். "மாதத்துக்குள் செய்து, அதே மாதத்தில் கணக்கில் ஏறியவை" என்றிருந்தால் வங்கி பக்கம் நியாயம் இருக்கிறது. "மாதத்தில் செய்தவை" என்று மட்டும் இருந்தால், அல்லது ஏறுவதற்குச் சில நாள் அவகாசம் கொடுத்திருந்தால், பணம் உங்களுடையது. போனில் பேசாதீர்கள், ஆப்பில் உள்ள செய்திப் பெட்டியில் எழுதுங்கள். "கேஷ்பேக் எங்கே" என்று கேட்டால் பொதுப் பதில்தான் வரும். "29 ஜூன், 52 வெள்ளி, இன்ன கடை, இந்தப் பரிவர்த்தனையை எந்த விதிப்படி சேர்க்கவில்லை?" என்று கேளுங்கள். இரண்டு தேதியும் தெரியும் ஸ்கிரீன்ஷாட், விதிமுறை பிடிஎஃப், இரண்டையும் இணையுங்கள். வங்கி அந்தப் பக்கத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், அதனால் பிடிஎஃப்பை இன்றே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மறுத்தால் இறுதிப் பதிலை எழுத்தில் வாங்குங்கள். அந்தத் தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள், வங்கிக்கும் வாடிக்கையாளருக்கும் இடையிலான தகராறைத் தீர்க்கும் ஃபிட்ரெக் மையத்துக்குப் போகலாம். ஆனால் விதியே உங்களுக்கு எதிராக இருந்தால் அங்கே போய்ப் பயனில்லை, வங்கியின் வணிக முடிவுகளை அவர்கள் விசாரிப்பதில்லை. அப்போது "நல்லெண்ண அடிப்படையில் ஒருமுறை கொடுங்கள்" என்று கேட்பதுதான் வழி, கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

தேக்கா பக்கம்:
எல்லா வங்கியும் கார்டைத் தட்டிய தேதியைத்தான் பார்க்கும் என்று என் தம்பி சொல்கிறான்.

உட்லண்ட்ஸ்காரன்:
அவர் கார்டுக்கு அப்படி இருக்கலாம். கார்டுக்குக் கார்டு மாறும். சிலவற்றில் மாதம் என்பதே காலண்டர் மாதம் இல்லை, ஸ்டேட்மெண்ட் மாதம்.

செங்காங்வாசி:
பார்த்துவிட்டேன். 29 ஜூன் இரவு, காய்கறிக் கடை, 52 வெள்ளி, ஏறியது 2 ஜூலை. விதிமுறையில் ஓரிடத்தில் "செய்த", இன்னோரிடத்தில் "ஏறிய" என்று இரண்டும் இருக்கிறது! இரண்டு பக்கத்தையும் இணைத்து எழுதி அனுப்பியாயிற்று, புகார் எண் வந்திருக்கிறது, பதில் வரவில்லை.

ஜூரோங் அக்கா:
என் 5 வெள்ளிக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லையே?