பழைய ஃபிரிட்ஜை நொதிப்புப் பெட்டியாக மாற்றியவர்கள் உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

யீஷூன்வாசி

வீட்டுலயே பீர் போடுறவங்களுக்கு நம்ம சிங்கப்பூர்ல முதல் எதிரி சூடுதான். ஏல் ஈஸ்ட் 18லிருந்து 20 டிகிரி வரைக்கும் ஒழுங்கா வேலை பார்க்கும். நம்ம வீவக வீட்டுச் சமையலறை ராத்திரியில கூட 29, 30ல நிக்குது. அந்தச் சூட்டுல நொதிச்ச பீர்ல தின்னர் மாதிரி ஒரு நெடி வரும், குடிச்சா மறுநாள் தலை கனக்கும். (மாசம் 30 லிட்டருக்குள்ள, சொந்த உபயோகத்துக்கு மட்டும், விக்கக் கூடாது. சட்டம் தெரிஞ்சுதான் செய்றேன், அதுல யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.)

புது ஃபிரிட்ஜ் வந்தப்ப பழசைத் தூக்கிட்டுப் போறோம்னு டெலிவரிக்காரங்க நின்னாங்க. நான் விடலை. ஒத்தைக் கதவு, உள்ள திருகுற குமிழ் வச்சது. இந்த வேலைக்கு அதைவிடத் தோதான பெட்டி கிடையாது. குமிழை அதிகக் குளிர்ச்சிக்குத் திருப்பி வச்சுட்டேன். ஃபிரிட்ஜ் பிளக்கை இங்க்பேர்ட் ITC-308ங்கிற வெப்பநிலைக் கன்ட்ரோலர்ல குளிரூட்டும் பக்கத்துச் சாக்கெட்டுல சொருகினேன். இப்ப மின்சாரத்தைக் கொடுக்கிறதும் வெட்டுறதும் கன்ட்ரோலர் வேலை. சென்சார் ஒயரைக் கதவு ரப்பருக்கு அடியில, கீல் பக்கமா உள்ள விட்டேன். சுவத்துல ஓட்டை போடவே போடாதீங்க. உள்ள கேஸ் குழாய் எங்க ஓடுதுன்னு வெளியிலிருந்து தெரியாது.

நான் சொல்ல வந்தது சென்சாரை எங்க வைக்கிறதுங்கிறதைத்தான். வேணும்னே ரெண்டு விதமாவும் வச்சுப் பார்த்தேன். முதல்ல காத்துல தொங்கவிட்டேன். திரையில எப்பப் பார்த்தாலும் 19ஐ ஒட்டியே காட்டுச்சு, பார்க்க அழகா இருந்துச்சு. ஆனா ஈஸ்ட் மும்முரமா இருக்கிறப்ப வாளிக்குள்ள தனி தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தா 23. நொதிக்கிறப்ப அதுவே சூட்டைக் கிளப்புது, காத்துக்கு அது தெரியிறதில்லை. அடுத்த வாளிக்குச் சென்சாரைப் பக்கவாட்டுல, தண்ணி மட்டத்துக்குப் பாதி உயரத்துல ஒட்டி, மேல பாத்திரம் கழுவுற ஸ்பாஞ்சைத் துண்டா வெட்டி வச்சு டேப்பால இறுக்கிட்டேன். ஸ்பாஞ்ச் காத்தை மறைச்சிடும், அதனால வாளியோட சூடுதான் படியும். தெர்மாமீட்டருக்கும் திரைக்கும் அரை டிகிரிகூட வித்தியாசம் வரலை.

என் செட்டிங்: TS 19, CD 1.0, PT 5. அதாவது 20 தொட்டா ஓடும், 19க்கு வந்தா நிக்கும், நின்னா அஞ்சு நிமிஷத்துக்கு மறுபடி ஓடாது. நின்ன பிறகும் உள்ள இருக்கிற குளிர் இறங்கிட்டே இருக்கும், 18.6 வரைக்கும் போயிட்டுத் திரும்பும். ஹீட்டர் சாக்கெட் காலியாத்தான் கிடக்கு. இந்த ஊர்ல அது எதுக்கு?

உட்லண்ட்ஸ்காரன்

ஸ்பாஞ்ச் எல்லாம் தேவையில்லை புரோ. ஒரு பாட்டில்ல தண்ணி ஊத்தி அதுக்குள்ள சென்சாரைப் போடுங்க, சட்டுசட்டுன்னு ஏறி இறங்காது. அப்புறம் CD 1.0 ரொம்ப ஜாஸ்தி. நான் 0.3 வச்சிருக்கேன், துல்லியமா இருக்கும். PTயும் 1 போதும்.

பழைய ஃபிட்டர்

முப்பது வருஷம் ஏர்கான், ஃபிரிட்ஜ் வேலை பார்த்தவன் சொல்றேன். தண்ணி பாட்டில் யோசனையில பாதி சரி. ஏத்த இறக்கத்தை அது அடக்கும். ஆனா பாட்டில் தண்ணிக்கு ஈஸ்ட் கிடையாது தம்பி, அது எப்படிச் சூடாகும்? யீஷூன் தம்பிக்கு 23 காட்டின அதே கதைதான் உங்களுக்கும் நடக்கும், திரையில தெரியாது, அவ்வளவுதான்.

PTயை 1ல வைக்கிறது கம்ப்ரசருக்குக் கேடு. ஓடிட்டு நின்ன உடனே குழாய்ல ஒரு பக்கம் அழுத்தம் கூடவும் மறுபக்கம் குறைவாவும் இருக்கும். தலைமுடி மாதிரி மெல்லிசா ஒரு செப்புக் குழாய் வழியாத்தான் அது சமமாகணும், சில நிமிஷம் பிடிக்கும். அதுக்குள்ள மறுபடி கரண்ட் கொடுத்தா மோட்டாரால சுத்த முடியாது. பின்னால காதை வச்சுக் கேளுங்க. 'ம்ம்ம்'னு உறுமிட்டு, கொஞ்ச நேரத்துல 'டக்'னு ஒரு சத்தம் வந்து அடங்கிப்போச்சுன்னா பாதுகாப்பு ரிலே வெட்டுதுன்னு அர்த்தம். அது திரும்பத் திரும்பக் கேட்டா கம்ப்ரசருக்கு ஆயுசு கம்மி. 5 வைங்க. CDயும் 1ஐ ஒட்டி இருக்கட்டும். 20 லிட்டர் தண்ணி ஒரு டிகிரி மாறினா ஈஸ்ட் கோவிச்சுக்காது.

இன்னொண்ணு. கதவுல எண் பலகை வச்ச இன்வெர்ட்டர் ஃபிரிட்ஜை இதுக்கு எடுக்காதீங்க. அதோட போர்டு தன் வேகத்தைத் தானே முடிவு பண்ணும். அடிக்கடி கரண்டை வெட்டினா ஒவ்வொரு தடவையும் முதல்லேர்ந்து ஆரம்பிக்கும், சிலது நீங்க நினைக்கிற நேரத்துல குளிர்விக்கவே செய்யாது.

தோசைக்கல்

நல்ல விஷயமா இருக்கே! எங்க வீட்டுல பழைய ஃபிரிட்ஜ் சும்மாத்தான் நிக்குது. இட்லி மாவு பொங்க இந்தக் கன்ட்ரோலரை வச்சா ஃபிரிட்ஜ் சூடாகுமா? ராத்திரி ஒன்பது மணிக்குக் கரைச்சு வச்சா விடியறதுக்குள்ள வழிஞ்சு, காலையில புளிச்சுப்போயிடுது.

யீஷூன்வாசி

அக்கா, உங்க மாவுக்குச் சூடு பத்தாம இல்லை, ஜாஸ்தி. ஃபிரிட்ஜைச் சூடாக்க வேண்டாம், 25, 26ல நிறுத்துங்க. கிரைண்டர்ல அரைச்ச மாவே வெதுவெதுன்னு வரும். குண்டான் நிறைய இருந்தா நடுவுல சூடு இறங்க நேரமாகும், அதனால ரெண்டு சின்னப் பாத்திரமா பிரிச்சு வைங்க. ஒருமுறை அம்மா மாவை பீர் வாளி பக்கத்துல 19லயே வச்சாங்க. காலையில அசையவே இல்லை, சாயங்காலம்தான் எழும்புச்சு. மாவுக்கு பீர் வாசனை வந்துருச்சுன்னு அப்பா சொல்றாரு, எனக்குத் தெரியலை.

தேக்கா ரவுண்டு

ஆட்டுக்கறி உப்புக்கண்டம் போட முடியுமா? ஊர்ல மொட்டை மாடியில காயவைப்போம். இங்க மூங்கில் கம்புல கறியைத் தொங்கவிட்டா கீழ்வீட்டுக்காரங்க புகார் கொடுத்துடுவாங்க.

பழைய ஃபிட்டர்

குளிரைப் பத்தி நான் சொல்லலாம், கறியைப் பத்தி யோசிச்சுத்தான் சொல்லணும். உப்புக்கண்டம் வெயில்ல சீக்கிரம் காயுறதாலதான் கெடாம இருக்கு. கறிக்குன்னு 13 டிகிரியில வைக்கிற பெட்டியில மெதுவாத்தான் காயும். அந்த மெதுவான நாட்கள்ல வெறும் உப்பையும் மஞ்சளையும் நம்பக் கூடாது. முழுத்துண்டு இறைச்சியை மாசக்கணக்குல தொங்கவிடுற வெள்ளைக்காரங்க கிலோ கறிக்கு 2.5 கிராம் கணக்குல, நைட்ரைட் கலந்து விக்கிற கியூரிங் உப்பை எடை போட்டுச் சேர்க்கிறாங்க. கண்ணளவுல போடுற சமாச்சாரம் இல்லை அது, கூடினா விஷம்.

தோசைக்கல்

எங்க மாமியார் கறியை மெல்லிசா கீறி, ஃபேனுக்கு அடியில வலைக்கூண்டுல வச்சே காயவச்சாங்க. ஒண்ணும் ஆகலையே?

தேக்கா ரவுண்டு

மெல்லிசா கீறினா பெட்டிக்குள்ளயே ஒரு சின்ன ஃபேனைப் போட்டா சரியா வருமான்னுதான் கேக்கிறேன். ஈரப்பதம் எவ்வளவு வைக்கணும்?

யீஷூன்வாசி

ஈரம்தான் இந்தப் பெட்டியோட பெரிய தொல்லை. கம்ப்ரசர் ஓடுறப்ப உள்ள காயும், நின்னா மறுபடி ஈரம் ஏறும். இந்தக் கன்ட்ரோலர் ஈரத்தைப் பார்க்காது. சாதாரண ஃபிரிட்ஜ் குளிர்ல தூங்குற பூஞ்சணம் 19 டிகிரியில முழிச்சுக்கும். என் கதவு ரப்பர் மடிப்புல கறுப்புப் புள்ளி வருது, வாளி மாத்துறப்பல்லாம் பல்லு தேய்க்கிற பிரஷ்ஷும் வினிகருமா உட்கார வேண்டியிருக்கு. அலமாரிக்கு வைக்கிற ஈரம் உறிஞ்சும் டப்பா ஒண்ணைக் கீழ்த்தட்டுல வச்சிருக்கேன், ரொம்பச் சீக்கிரம் தண்ணியாயிடுது. இந்தப் பெட்டிக்குள்ள கறியைத் தொங்கவிட எனக்குத் தைரியம் இல்லை அண்ணே. யாராவது ஈரப்பதக் கன்ட்ரோலரும் சேர்த்து மாட்டியிருந்தா சொல்லுங்க.

உட்லண்ட்ஸ்காரன்

PTயை 5 ஆக்கிட்டேன். CD 0.3தான், மாத்த மாட்டேன்.