முதல் வெளிநாட்டு இறக்குமதியாளருக்கு மெயில்: மாதிரிக்குப் பணம் கேட்கலாமா?

பட்டறை மகள்:
அப்பாவும் சித்தப்பாவும் மரத்தில் காய்கறி வெட்டும் பலகை செய்கிறார்கள். எட்டுப் பேர் வேலை செய்யும் பட்டறை. வெளிநாட்டு இறக்குமதியாளர் ஒருவருக்கு முதன்முறையாக மெயில் எழுதுகிறேன். மூன்று தலைமுறைக் கதையை ஒரு பத்தியில் சொல்லி, 38 எம்பி கேட்லாக்கை இணைத்து, 'இலவச மாதிரி அனுப்பத் தயார்' என்று முடித்திருக்கிறேன். இது சரியா? மாதிரிக்குப் பணம் கேட்டால் ஓடிவிடுவாரா?

சரக்குக் கணக்கர்:
முதலில் கேட்லாக்கைப் பார்ப்போம். 38 எம்பி மெயில் அவருக்குப் போய்ச் சேரவே சேராது. ஜிமெயிலில் இணைத்து அனுப்ப 25 எம்பிதான் எல்லை, பல அலுவலகங்களில் அதைவிடக் குறைவு. நான்கு பக்கம், 2 அல்லது 3 எம்பி போதும். முழுக் கேட்லாக்கை அவர் கேட்கும்போது கொடுங்கள்.

அந்த நான்கு பக்கத்தில் படத்தை விட முக்கியமானது படத்துக்குக் கீழே வரும் வரி. பொருள் எண், மில்லிமீட்டரில் அளவு, எந்த மரம் (தாவரவியல் பெயரோடு), மேலே என்ன எண்ணெய் பூசியது, ஒரு பெட்டியில் எத்தனை, பெட்டியின் அளவு, மொத்த எடை. உங்கள் பலகை 30க்கு 20 செ.மீ., கனம் 2 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 40, 30, 25 செ.மீ. பெட்டியில் 20 பலகை அடங்கும். அந்தப் பெட்டி 0.03 கன மீட்டர், எடை ஏறத்தாழ 17 கிலோ. 500 பலகை என்றால் 25 பெட்டி, 0.75 கன மீட்டர். இந்த எண்களைப் பார்த்ததும் கப்பல் செலவு ஒரு பலகைக்கு எவ்வளவு விழும் என்று அவரே போட்டுப் பார்த்துவிடுவார். இவை இல்லாவிட்டால் உங்களிடம் கேட்டு எழுத வேண்டும். முன்பின் தெரியாதவருக்கு அந்த வேலையைப் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை.

மாதிரியை இலவசம் என்று எழுதாதீர்கள். கூரியர் செலவு அவர் கணக்கில் என்று முதல் மெயிலிலேயே இருக்க வேண்டும்.

கடைவீதி:
இதை நான் ஏற்கவில்லை. பெயரே தெரியாத சின்னப் பட்டறை முதல் மெயிலிலேயே பணம் கேட்டால் யார் பதில் போடுவார்கள்? நான் துணிப்பை அனுப்புகிறேன். என் முதல் மூன்று வாடிக்கையாளர்களும் இலவச மாதிரியைப் பார்த்துத்தான் வந்தார்கள். கையில் பிடித்துப் பார்த்தால்தான் நம்பிக்கை வரும்.

சரக்குக் கணக்கர்:
துணிப்பை 100 கிராம், உறையில் போட்டு அனுப்பிவிடலாம். மேலே சொன்ன பலகையில் ஒன்று மட்டுமே முக்கால் கிலோவுக்கு மேல். நான்கு பலகையை விமானக் கூரியரில் அனுப்பினால் பலகையின் விலையைவிடக் கூலி பல மடங்கு ஆகும். பொருளை இலவசமாகக் கொடுப்பது உங்கள் விருப்பம், கூலியையும் ஏற்றால் பட்டறை தாங்காது. நிஜமாக வாங்க நினைப்பவரிடம் பெரும்பாலும் கூரியர் கணக்கு எண் இருக்கும், கேட்டால் கொடுத்துவிடுவார். மாதிரி மட்டும் சேர்த்துக்கொண்டு போகிறவர் அந்த இடத்தில் பேச்சை நிறுத்திவிடுவார்.

கடைவீதி:
கூலி விஷயம் சரி, எடைப் பொருளுக்கு ஒத்துக்கொள்கிறேன். மாதிரிப் பலகைக்கும் வழக்கமான விலையைப் போல் இரு மடங்கு போடுவார்களே, அது வேண்டாம் என்பதுதான் என் பேச்சு.

தச்சன் வீடு:
மாதிரி விலையை விடுங்கள், எங்களுக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். நாங்கள் மரத்தட்டு செய்கிறோம். மாதிரிக்கென்று இருப்பதிலேயே நல்ல மரத்தை எடுத்து, அண்ணன் தன் கையால் இரண்டு நாள் இழைத்தான். ஆர்டர் வந்தது. மொத்தச் சரக்கை வழக்கமான மரத்தில்தான் செய்ய முடிந்தது. அவர்கள் ஊரில் குளிர்காலம், வீட்டுக்குள் சூடேற்றி வைத்திருப்பதால் காற்று காய்ந்து கிடக்குமாம். இரண்டே மாதத்தில் தட்டில் வெடிப்பு. மாதிரி வெடிக்கவில்லை, சரக்கு மட்டும் ஏன் வெடித்தது என்று கேட்டார்கள். மாதிரி ஒரு வருடம் காய்ந்த மரம், சரக்கு அப்படிக் காயவில்லை. பதில் சொல்ல முடியாமல் பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம்.

சரக்குக் கணக்கர்:
மகளே, இதைக் கவனமாகப் படியுங்கள். மரத்தின் ஈரப்பதத்தை ஈரமானி வைத்து அளந்து, 8 முதல் 10 சதவீதம் என்று கேட்லாக்கிலும் எழுதி, அதே அளவில் மொத்தச் சரக்கையும் கொடுக்க முடியும் என்றால் மட்டும் மாதிரி அனுப்புங்கள். ஒரே தொகுதியில் மூன்று பலகை எடுத்து, மூன்றிலும் ஒரே எண்ணைப் பொறித்து, இரண்டை அனுப்பி ஒன்றை உறையிட்டுப் பட்டறையில் வையுங்கள். பிறகு 'சரக்கு மாதிரியைப் போல் இல்லை' என்று தகராறு வந்தால் ஒப்பிட உங்களிடமும் ஒன்று இருக்கும்.

புதுக்கணக்கு:
பணத்தை எப்படி வாங்குவது என்றுதானே கேள்வி? 30 சதவீதம் முன்பணம், மீதி கப்பல் ரசீது நகல் வந்ததும் என்று போட்டுவிடுங்கள்.

சரக்குக் கணக்கர்:
அது ஆர்டருக்கு. ஆர்டரை உறுதி செய்யும் முன் அனுப்பும் புரொஃபார்மா இன்வாய்ஸில் எழுத வேண்டிய வாசகம். முதல் மெயிலில் மாதிரி நிபந்தனை மட்டும் போதும். இப்படி எழுதிப் பாருங்கள், அனுப்பும்போது ஆங்கிலத்தில்:

'பக்கம் 2இல் உள்ள எண் 07, எண் 12 இரண்டிலும் தலா இரண்டு மாதிரிகள் 7 நாளில் அனுப்ப முடியும். ஒரு மாதிரியின் விலை, 500 பலகை வாங்கும்போது ஒரு பலகைக்கு விழும் விலையைப் போல் இரு மடங்கு. கூரியர் செலவும் அங்குள்ள சுங்க வரியும் தங்கள் பொறுப்பு. 500 பலகைக்கு முதல் ஆர்டர் வந்தால் மாதிரித் தொகை முழுவதும் அந்த இன்வாய்ஸில் கழிக்கப்படும். மாதிரியை ஏற்று முன்பணம் வந்ததிலிருந்து 45 நாளில் சரக்கு தயார்.'

மாதிரியோடு போகும் இன்வாய்ஸில் விலை பூஜ்யம் என்று எழுத வேண்டாம். 'மாதிரி, விற்பனைக்கு அல்ல' என்று எழுதிவிட்டு, சுங்கத்துக்காக உண்மையான மதிப்பைப் போடுங்கள். பூஜ்யம் என்றால் பார்சலை நிறுத்திக் கேள்வி கேட்பார்கள். மரச் சமையலறைப் பொருளுக்குச் சுங்கக் குறியீடு 4419இல் தொடங்கும். முதல் ஆறு இலக்கம் எல்லா நாட்டுக்கும் பொது, அதையும் எழுதுங்கள்.

கடைவீதி:
எழுத்து நன்றாக இருக்கிறது. ஆனாலும் இரு மடங்கு என்பதைப் பார்த்ததும் பலர் மூடிவிடுவார்கள் என்றுதான் நினைக்கிறேன். பொருள் இலவசம், கூலி மட்டும் அவருடையது. அதுவே வடிகட்டப் போதும். அப்புறம், குடும்பக் கதையை முழுதாக வெட்டாதீர்கள். 'செய்பவர்களே எழுதுகிறோம், இடைத்தரகர் இல்லை' என்ற ஒரு வரிக்கு மதிப்பு உண்டு.

சரக்குக் கணக்கர்:
ஒரு வரி இருக்கட்டும், ஆனால் இரண்டாவது வரியாக. முதல் வரி அவரைப் பற்றியது. அவர் இணையதளத்தில் என்ன அளவுப் பலகை விற்கிறார், எது இல்லை என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். எட்டுப் பேர் என்பதையும் மறைக்க வேண்டாம், மாதம் எத்தனை பலகை முடியும் என்று சேர்த்துச் சொல்லுங்கள். இரு மடங்கில் நான் நிற்கிறேன். இரண்டு பலகைக்காகத் தனியாக இயந்திரத்தை அமைக்கும் வேலைக்கு யாராவது கூலி தர வேண்டும்.

பட்டறை மகள்:
அவர் தளத்தைப் பார்த்தேன். பெரிய பலகை நிறைய இருக்கிறது, 30 செ.மீ. அளவில் ஒன்றுகூட இல்லை. அதையே முதல் வரியாக வைத்துவிட்டேன். மாதிரி விலையில் வீட்டிலேயே இரண்டு கட்சி. சித்தப்பா இரு மடங்கு வேண்டும் என்கிறார், அப்பா பலகைக்குக் காசே வாங்கக் கூடாது என்கிறார். ஈரமானி எங்களிடம் இல்லை. அதை வாங்கி, இருக்கிற மரத்தை அளந்து பார்க்கும்வரை மெயில் டிராஃப்டிலேயே இருக்கும்.

தச்சன் வீடு:
அளக்கும்போது பலகையின் நுனியில் மட்டும் வைத்துப் பார்க்காதீர்கள், நுனி சீக்கிரம் காய்ந்துவிடும். ஒரு பலகையைக் குறுக்கே அறுத்து நடுவில் வைத்துப் பாருங்கள்.