கன்சல்டன்சி என் ரெஸ்யூமை அனுப்பிட்டே இருக்காங்க, நிறுத்தி அழிக்கச் சொல்றது எப்படி?

பீளமேட்டுக்காரன்:
வணக்கமுங்க. பம்ப் கம்பெனியில குவாலிட்டி பிரிவுல இருக்கேன். போன வருசம் கோவையில ஒரு கன்சல்டன்சிகிட்ட ரெஸ்யூம் குடுத்தேன். அப்புறம் இங்கயே சம்பளம் ஏத்திக் குடுத்ததால வேண்டாம்னுட்டேன். ஆனா அவங்க நிறுத்தல. எங்களுக்கு காஸ்டிங் சப்ளை பண்ற பவுண்டரியோட ஹெச்.ஆர். கூப்பிட்டு, "ரெஸ்யூம் வந்துருக்கு, எப்பங்க சேருவீங்க"ங்கறார். எங்க மேனேஜரும் அவங்களும் தினம் பேசிக்கறவங்க. கன்சல்டன்சிக்குப் போன் பண்ணுனா "எடுத்துடறோம் சார்"ங்கறாங்க, மறுபடி வேற யாராவது கூப்பிடறாங்க. எழுத்துல என்னன்னு கேக்கறது?

திருப்பூர் மெர்ச்சண்டைசர்:
புது டேட்டா சட்டம் வந்தாச்சுங்க. 250 கோடி வரைக்கும் அபராதம். "கம்ப்ளைன்ட் குடுப்பேன்"னு ஒரு மெயில் போடுங்க, அன்னைக்கே அழிச்சுருவாங்க.

ஈரோடு 638:
நௌக்ரியில புரொஃபைலை மறைச்சு வெச்சுட்டா முடிஞ்சுதுங்களே? நான் அப்படித்தான் பண்ணுனேன், கால் குறைஞ்சுருச்சு.

முன்னாள் ரெக்ரூட்டர், பொள்ளாச்சி:
நான் ரொம்ப வருசம் அந்தப் பக்கம் வேலை பார்த்தவ. தளத்துல மறைச்சா புதுசா எடுக்கறது நிக்கும். ஏற்கனவே இறக்கி வெச்சது அப்படியே இருக்கும். அதுவும் பண்ணுங்க, ஆனா அது பாதிதான்.

முதல் மெயில்லயே "டெலீட் பண்ணுங்க"ன்னு மட்டும் எழுதாதீங்க. அழிச்சா, யாருக்கெல்லாம் அனுப்புனாங்கங்கற தடமும் சேர்ந்து போயிரும். முதல்ல அந்தப் பட்டியலைக் கேளுங்க. கூடவே இனி அனுப்பக் கூடாதுன்னு சொல்லுங்க. அழிக்கறது கடைசி.

வாயால சொல்றது ஏன் நிக்கறதில்லைன்னா, உங்க ரெஸ்யூம் ஒரே இடத்துல இல்ல. ஆபீஸ் சாஃப்ட்வேர்ல ஒன்னு, ஒவ்வொருத்தர் எக்செல்லயும் மெயில்லயும் ஒன்னு, வாட்ஸ்அப் குரூப்ல ஒன்னு. உங்ககிட்ட பேசுன பொண்ணு எடுத்தாலும் பக்கத்து சீட்டுப் பையன் அனுப்புவான். இன்னொரு சிக்கல், சுத்தமா அழிச்சுட்டா நீங்க வேண்டாம்னு சொன்னவருங்கற அடையாளமும் போயிருது. ஆறு மாசத்துல எங்கிருந்தாவது மறுபடி இறக்கி அனுப்புவாங்க. அதனால பேரு, போன், மெயில் மட்டும் "தொடர்பு கொள்ள வேண்டாம்" பட்டியல்ல வெச்சுட்டு, மத்ததை அழிக்கச் சொல்லுங்க.

ரெக்ரூட்டருக்கு மட்டும் இல்லாம, அவங்க வெப்சைட்ல புகார் அலுவலர்னு போட்டிருந்தா அந்த மெயிலுக்கும், ஓனருக்கும் சேர்த்து இப்படி அனுப்புங்க:

"என் விவரங்களைப் பயன்படுத்த நான் கொடுத்த ஒப்புதலை இன்றுடன் திரும்பப் பெறுகிறேன். இனி எந்த நிறுவனத்துக்கும், வேறு கன்சல்டன்சிக்கும் என் ரெஸ்யூமை அனுப்ப வேண்டாம். இதுவரை யாருக்கெல்லாம், எந்தத் தேதியில் அனுப்பினீர்கள் என்ற பட்டியலைத் தரவும். அனுப்பிய இடங்களுக்கும் என் விலகலைத் தெரிவிக்கவும். பிறகு ரெஸ்யூம், சம்பள விவரம், ஆதார், பான் நகல்களை அழித்து, அழித்ததை எழுத்தில் உறுதி செய்யவும்."

நீங்க குடுத்த எல்லா நம்பரும் மெயிலும் கீழ எழுதுங்க. பழைய நம்பர்ல இன்னொரு பதிவு இருக்கும்.

திருப்பூர் தம்பி சொன்ன சட்டம் 2023ல வந்தது. விதிகள் 2025 நவம்பர்லதான் வெளியாச்சு, ஒப்புதலைத் திரும்ப வாங்கறது, அழிக்கச் சொல்றது எல்லாம் நடைமுறைக்கு வர்றது அதுலருந்து 18 மாசம் கழிச்சு, 2027 மே. அதுக்கப்புறமும் முதல்ல அந்தக் கம்பெனிகிட்டயே புகார் குடுத்துட்டுத்தான் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்குப் போக முடியும். 250 கோடிங்கறது பாதுகாப்பு இல்லாம தகவல் கசிய விட்டதுக்கான உச்சவரம்பு, அபராதப் பணமும் நம்ம கைக்கு வராது. மிரட்டாம கேளுங்க.

பெருந்துறை:
என்னோட ஒரிஜினல் சர்டிபிகேட்டையே ஒரு கன்சல்டன்சி வாங்கி வெச்சுருக்குங்க. அதுக்கும் இந்த மெயில் போதுமா?

முன்னாள் ரெக்ரூட்டர், பொள்ளாச்சி:
அது வேற விசயம்ங்க. நேர்ல போய் எழுதிக் குடுத்து வாங்குங்க, குடுக்கலைன்னா ஸ்டேசன்ல புகார்.

பீளமேட்டுக்காரன்:
மெயில் போட்டேங்க. மூணு கம்பெனி பேரு குடுத்துருக்காங்க. அந்த பவுண்டரி பேரே அதுல இல்ல!

முன்னாள் ரெக்ரூட்டர், பொள்ளாச்சி:
அப்போ இன்னொரு கன்சல்டன்சிக்குக் கை மாறி அங்கிருந்து போயிருக்கலாம். கமிசனைப் பங்கு வெச்சுக்கறது இங்க சகஜம். பவுண்டரி ஹெச்.ஆர்.கிட்டயே எந்த மெயில்ல இருந்து வந்துச்சுன்னு கேளுங்க, அந்தக் கன்சல்டன்சிக்கும் இதே கடிதத்தை அனுப்புங்க.

இனி யாருக்காவது ரெஸ்யூம் குடுத்தா, ஜிமெயில்ல பேருக்குப் பின்னால ஒரு அடையாளம் சேர்த்துக் குடுங்க, உங்க பெட்டிக்கே வந்து சேரும்:

```
peyar+kovai1@gmail.com
```

எந்தக் கன்சல்டன்சியில இருந்து வெளிய போச்சுன்னு தெரியும். ஆனா கிளையன்ட்டுக்கு அனுப்பும்போது பல தடவை மெயில், நம்பரை எடுத்துட்டுத்தான் அனுப்புவாங்க, அங்க இது உதவாது. அதுக்கு ரெஸ்யூம்ல ஒரு வரியை ஒவ்வொருத்தருக்கும் மாத்தி எழுதி வைங்க.

பீளமேட்டுக்காரன்:
பவுண்டரி அவங்க சிஸ்டத்துல இருந்து எடுப்பாங்களா? நாளைக்கு நானே நேரடியா அங்க அப்ளை பண்ணுனா?

முன்னாள் ரெக்ரூட்டர், பொள்ளாச்சி:
எடுக்கறது அந்த ஹெச்.ஆர். மனசு. அதோட, முதல்ல அனுப்புன கன்சல்டன்சிக்குத்தான் கமிசன்னு அவங்களுக்குள்ள ஒப்பந்தம் இருக்கும். சில இடத்துல ஆறு மாசம், சில இடத்துல ஒரு வருசம். அதுக்குள்ள நீங்க நேரடியாப் போனா சிஸ்டம் "ஏற்கனவே வந்தவர்"னு ஒதுக்கிரும். "என் சம்மதம் இல்லாம அனுப்புனது"ங்கற மெயில் இருந்தா சில கம்பெனிக்காரங்க ஒத்துக்குவாங்க. எல்லாரும் ஒத்துக்குவாங்கன்னு சொல்ல முடியாதுங்க.