இன்வாய்ஸ் தருவது எந்த நிறுவனம்? கணக்கியல் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். எங்கள் கோவை நிறுவனம் பயன்படுத்தும் அமேசான் கிளவுட் சேவைக்கான பழைய இன்வாய்ஸ்களில் 'அமேசான் இன்டர்நெட் சர்வீசஸ் பிரைவேட் லிமிடெட்' என்றும், புதியவற்றில் 'அமேசான் வெப் சர்வீசஸ் இந்தியா பிரைவேட் லிமிடெட்' என்றும் உள்ளது. ஜிஎஸ்டி எண்ணின் மூன்றாம் எழுத்திலிருந்து பத்து எழுத்துகள் பான் எண் என்பதால், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒரே பான்தான், ஆகவே இது பெயர் மாற்றம் மட்டுமே என்று கருதுகிறேன்.

என் கவலை வேறு. வெளிநாட்டு முகவரியுடன் தொடங்கிய எங்கள் இன்னொரு கணக்கின் இன்வாய்ஸ் அமெரிக்க நிறுவனத்தின் பெயரில் வருகிறது. அதில் ஜிஎஸ்டி வசூலிக்கப்படாததால், ரிவர்ஸ் சார்ஜ் முறையில் 18% வரியை நாங்களே செலுத்துகிறோம். முகவரியை இந்தியாவுக்கு மாற்றினால் ஒப்பந்தத் தரப்பும் இந்திய நிறுவனமாகுமா, ஏற்கெனவே வந்த இன்வாய்ஸ்கள் அப்படியே நிற்குமா என்பதை, மாற்றிய அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.