வெளியேறும் வெப்பநிலை தெரியாத ஆயில் கூலர்: சி-மின் எந்தப் பக்கம்?

புதுப்பட்டறை: ஜெனரேட்டர் ஆயில் கூலர், எதிரோட்ட வகை. ஆயில் நொடிக்கு 2 கிலோ, 90 டிகிரியில் நுழைகிறது. தண்ணீர் 1.2 கிலோ, 32 டிகிரி. பரப்பு 20 சதுர மீட்டர், வெப்பக் கடத்தல் கெழு யு 300. வெளியே வரும் வெப்பநிலை இரண்டுமே தெரியாது. "தண்ணீர்தான் குறைவாக ஓடுகிறது, அதனால் அதுதான் சி-மின்" என்கிறார் எங்கள் சீனியர். சரியா?

வெப்பக்காரன்: தவறு. இந்தத் தவறை வருடக்கணக்காகக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. கிலோவை மட்டும் பார்த்தால் போதாது, தன்வெப்பத்தால் பெருக்க வேண்டும். அந்தப் பெருக்கல் எந்தப் பக்கம் குறைவோ அதுதான் சி-மின். ஆயிலுக்கு 2.1 என்று வைத்தால் 2 × 2.1 = 4.2. தண்ணீருக்கு 1.2 × 4.18 = 5.02. அதிகம் ஓடும் ஆயில்தான் சி-மின். யு-வைப் பரப்பால் பெருக்கினால் யுஏ டிகிரிக்கு 6 கிலோவாட், அதை 4.2-ஆல் வகுத்தால் என்டியு 1.43. 4.2-ஐ 5.02-ஆல் வகுத்தால் விகிதம் 0.837. இவற்றை வைத்துக் கூலரின் செயல்திறன் ε:

```
ε = (1 - exp(-NTU(1-Cr))) / (1 - Cr·exp(-NTU(1-Cr))) = 0.617
q = 0.617 × 4.2 × (90 - 32) = 150 kW
```

ஆயில் 54.2 டிகிரியில் வெளியேறும், தண்ணீர் 61.9.

பழையபாய்லர்: தம்பி, கணக்கு சரி. ஆனால் சீனியரை இவ்வளவு இளக்காரமாகப் பேச வேண்டாம். தண்ணீரையே சி-மின்னாக வைத்துப் போட்டுப் பார்த்தேன். என்டியு 1.196, விகிதம் 5.02-ஐ 4.2-ஆல் வகுத்து 1.194. அதே சூத்திரத்தில் 0.516 வருகிறது. அதை 5.02-ஆலும் 58-ஆலும் பெருக்கினால் அதே 150 கிலோவாட். எந்தப் பக்கத்தைச் சி-மின் என்றாலும் ஒன்றுதான்.

வெப்பக்காரன்: ஒன்று இல்லை, சார். விகிதம் ஒன்றைத் தாண்டினால் நீங்கள் எடுத்தது சி-மின்னே இல்லை. அந்தச் சூத்திரம் இரு பக்கத்துக்கும் பொருந்தி வருவதால்தான் நீங்கள் தப்பித்தீர்கள். சீனியர் சொன்னபடி செய்கிறவர் தண்ணீரைச் சி-மின் என்று எடுத்துவிட்டு, விகிதத்தை மட்டும் பழக்கத்தில் சிறியதை மேலே வைத்து 0.837 என்றே போடுவார். அப்போது 0.569 வரும், வெப்பம் 165 கிலோவாட் ஆகிவிடும்.

பழையபாய்லர்: பழக்கத்தில் போடுபவன் தப்பு அது. முறையின் தப்பு இல்லை.

ஐஸ்கட்டி: எங்கள் ஐஸ் ஃபேக்டரி அம்மோனியா கண்டன்சரில் இந்தச் சண்டையே வராது. அம்மோனியா குளிர்ந்து திரவமாகும்போது வெப்பநிலை மாறாது, அதனால் எவ்வளவு ஓடினாலும் தண்ணீர்தான் சி-மின். `1 - exp(-NTU)` போதும். இங்கேயும் அதையே போடலாமே?

வெப்பக்காரன்: ஆயில் எங்கே உறைந்தது, ஆவியானது? அந்தச் சூத்திரம் இங்கே 0.76 என்று சொல்லும், இந்தக் கூலர் அவ்வளவு தராது.

கோல்சீக்: என்டியு எதற்கு? எல்எம்டிடி என்ற மடக்கைச் சராசரி வெப்பநிலை வித்தியாசத்தில் ஒரு ஊகம், எக்செலில் ஒரு அழுத்து, முடிந்தது. ஆயில் 50 டிகிரியில் வரும் என்று வைத்தேன். ஆயில் இழப்பது 168 கிலோவாட், கூலர் கடத்துவது 126 சொச்சம்தான். பொருந்தவில்லை. ஏற்றிக்கொண்டே போனால் 54.2-ல் பொருந்தியது.

வெப்பக்காரன்: பொருந்தும், ஆனால் சுற்றிச் சுற்றி. நான் ஒரே மூச்சில் போட்டேன். அதோடு, நீங்கள் செய்த அந்தச் சோதனையை 165 கிலோவாட் கணக்குக்கும் செய்யுங்கள். ஆயில் 50.6, தண்ணீர் 65. எல்எம்டிடி சுமார் 21.6, யுஏவால் பெருக்கினால் 130. முப்பத்தைந்து கிலோவாட் இடிக்கிறது. சி-மின் பக்கம் தவறினால் இப்படித்தான் பிடிபடும். பழையபாய்லர் சார் இதற்குப் பதில் சொல்லட்டும்.

பழையபாய்லர்: நான் 165 என்று எங்கே சொன்னேன்? என் கணக்கில் 150 வந்தது. எழுதியதைப் படித்துவிட்டுப் பேசு. போன மாதம் பம்ப் திரியிலும் இப்படித்தான் செய்தாய்.

வெப்பக்காரன்: பம்ப் திரியை இழுக்காதீர்கள். குறுக்கோட்டத்துக்கு வாருங்கள். அதில் ஒரு பக்கம் கலந்து, ஒரு பக்கம் கலக்காமல் ஓடும் வகை உண்டு. அங்கே சி-மின் கலக்கும் பக்கமா இல்லையா என்பதற்குத் தனித்தனிச் சூத்திரம். பக்கம் மாறினால் விடையும் மாறும்.

பழையபாய்லர்: அவன் கேட்டது எதிரோட்டம்.

கிணற்றுநீர்: நீங்கள் சி-மின்னைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். தண்ணீர் 62 டிகிரியில் வெளியேறும் என்பதை யாரும் பார்க்கவில்லையா? எங்கள் ஊர் உப்புத் தண்ணீர் அந்தச் சூட்டில் குழாய்க்குள் சுண்ணாம்பாகப் படியும். ஒருமுறை எங்கள் கூலரைத் திறந்தபோது விரலால் சுரண்டினால் ஓடு மாதிரி உதிர்ந்தது. அப்புறம் யு 300 எங்கே இருக்கும்?

புதுப்பட்டறை: எங்களுடையதும் போர்வெல் தண்ணீர்தான். யு 300 என்பது கூலர் புதிதாக வந்தபோது கொடுத்த தாளில் இருந்தது. அப்போது யு-வைக் குறைத்துப் போட வேண்டுமா?

வெப்பக்காரன்: போடுங்கள். ஆனால் முதலில் சீனியரிடம் ஆயில்தான் சி-மின் என்று சொல்லுங்கள்.

பழையபாய்லர்: எந்தப் பக்கம் என்றாலும் ஒன்றுதான் என்றும் சேர்த்துச் சொல்.