ஒரே ஒரு திருத்தம் போதும் என்பது புரிகிறது, பிழை மதிப்பீட்டில் உதவி வேண்டும்

வணக்கம். y' = -y சமன்பாட்டை h = 0.1 வைத்துக் கணக்கிடுகிறேன். இரண்டாம் வரிசை ஆடம்ஸ்-பாஷ்ஃபோர்த் முன்கணிப்பு, மூன்றாம் வரிசை ஆடம்ஸ்-மூல்டன் திருத்தி. y(0), y(0.1) இரண்டும் சரியான மதிப்புகள். x = 0.2-இல் முன்கணிப்பு 0.819112 தருகிறது. உண்மை 0.818731. ஒரே ஒரு முறை திருத்தியதும் 0.818719 வந்துவிடுகிறது.

காரணம் இப்படித்தான் புரிந்துகொண்டேன்: முன்கணிப்பின் பிழை h³ அளவு. திருத்தியில் அது f வழியாக மட்டுமே நுழைகிறது, அங்கே 5h/12 என்ற பெருக்கி காத்திருக்கிறது. அதனால் h⁴ ஆகி, திருத்தியின் சொந்தப் பிழையோடு சேர்ந்துவிடுகிறது. வரிசை குறையவில்லை, மாறிலி மட்டும் மாறுகிறது. h-ஐப் பாதியாக்கிப் பார்த்தேன். முன்கணிப்பின் பிழை சுமார் 8 மடங்கு குறைந்தது, திருத்தியது சுமார் 15 மடங்கு.

சரி, சிக்கல் இங்கேதான். இரண்டு மதிப்புகளின் வித்தியாசம் 0.000393. உண்மையான பிழையோ 0.000012 தான். இதை வைத்து h-ஐத் தீர்மானித்தால் படி தேவையில்லாமல் சிறிதாகிவிடும். மூன்றாம் வரிசை முன்கணிப்புக்கு மாறினால் மாறிலிகள் 3/8, -1/24; வித்தியாசத்தைப் பத்தால் வகுத்தால் போதும் என்று கணக்கு சொல்கிறது. ஆனால் அதற்கு இன்னொரு தொடக்க மதிப்பு வேண்டும், படி மாறும்போதெல்லாம் அதுவும் சிரமம். பழைய ஜோடியையே வைத்துக்கொண்டு நம்பகமாகப் பிழையை மதிப்பிட வழி இருக்கிறதா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.