கலைச்சொல்: சந்தைத் தளத் தேடலில் ‘ரேங்கிங்’, அப்பாவுக்குப் புரியும்படி

மங்கை, திங்கள்

குழுவினருக்கு வணக்கம்.

இணையச் சந்தைத் தளங்களில் விற்கும் மூத்தோருக்காக இரண்டு பக்கக் குறிப்பு ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். சனிக்கிழமை வகுப்பில் படியெடுத்துக் கொடுக்கவேண்டும், ஆகவே வெள்ளி மாலைக்குள் முடிந்தாக வேண்டும். முதல் வாசகர் என் அப்பா. துணிப்பை தைத்து விற்கிறார். ஒருவர் தேடும்போது எந்தப் பொருளை மேலே, எதைக் கீழே காட்டுவது என்று தளம் அடுக்குவதுதான் ரேங்கிங். வரைவில் அது வரும் இடமெல்லாம் ‘தரவரிசை’ என்று போட்டிருந்தேன். படித்துவிட்டு, “அப்ப என் பைக்கு மார்க் குறைச்சலா? தையலை மாத்தணுமா?” என்கிறார்.

தளம் பையைத் தொட்டுப் பார்ப்பதில்லை என்பதைச் சொல்லத்தான் குறிப்பே எழுதுகிறேன். சொல்லே அதைக் கெடுக்கிறது. ‘தேடல் வரிசை’ என்றால் போதுமா?

இளங்கண்ணன், திங்கள்

அன்புள்ள மங்கைக்கு,

‘தரவரிசை’யில் ‘தர’ என்பதை வெட்டிவிட்டால் குற்றம் நீங்கிவிடும் என்று எண்ணவேண்டாம். பழைய வழக்கில் ‘வரிசை’ என்பதே தகுதிதான். புறநானூறு 121இல் கபிலர் மலையமான் திருமுடிக்காரியிடம் கொடுப்பது எளிது, வரிசை அறிவதே அரிது என்று சொல்வது எந்த வரிசையை? புலவருடைய தகுதியை. குறள் 528இல் வேந்தன் ‘வரிசையா நோக்கின்’ என்பதும் அதுவே. சீர்வரிசையில் இன்றும் அந்த மதிப்பின் வாடை இருக்கிறது. ஆக உங்கள் அப்பாவின் ஐயம் இரண்டாயிரம் ஆண்டு பழையது.

மதிப்பு ஏறாத சொல் ‘நிரல்’. நிரனிறை என்னும் பொருள்கோளில் சொற்கள் முறையாக நிற்கின்றன, ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்ற பேச்சே இல்லை. ‘தேடுநிரல்’ என்று வினைத்தொகையாக்கினால் முக்காலமும் அடங்கும்.

ரபீக், திங்கள்

ஐயா, நிரல் என்றால் இன்று புரோகிராம். தேடுநிரல் என்று படித்தால் மங்கையின் அப்பா ஏதோ மென்பொருளை நிறுவச் சொல்கிறார்கள் என்று நினைப்பார்.

எனக்கு ஒரு சந்தேகம். இவ்வளவு நுணுக்கம் தேவையா? பணம் கட்டினவன் மேலே வருகிறான், கட்டாதவன் கீழே கிடக்கிறான். ‘கட்டண வரிசை’ என்று உண்மையைச் சொல்லிவிடலாமே.

செல்வி, செவ்வாய்

எனக்கும் இதே பிரச்சினைதான். கூகுளில் என் கடையின் பெயரைத் தட்டினால் மூன்றாம் பக்கத்தில்தான் வருகிறது. வலைத்தளத்தின் தலைப்பை மாற்றியும் பயனில்லை. சந்தைத் தளத்திலும் ஒரு பொருள் கீழே போய்விட்டது என்று அதை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினேன். ஒரு வாரம் நன்றாக வந்தது, பிறகு முன்பைவிடக் கீழே போய்விட்டது. இதற்கு என்ன சொல் போட்டால் என்ன?

நாகராசன், செவ்வாய்

தேடல் துறையில் வேலை பார்ப்பவன் என்ற முறையில், சொல்லுக்கு முன் பொருளைக் கொஞ்சம் பிரித்து வைக்கிறேன்.

செல்வியம்மா கேட்பது வேறு தேடல். கூகுள் உலகத்துப் பக்கங்களில் தேடுகிறது. சந்தைத் தளம் தன்னிடம் ஏற்றப்பட்ட பொருள்களுக்குள் மட்டும் தேடுகிறது, அதுவும் வாங்க வந்தவருக்காக. ஆனால் அவர் சொன்ன அழித்து ஏற்றும் கதை இங்கே பொருந்தும். புதுச் சரக்கைப் பற்றித் தளத்துக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்வதற்காகச் சில நாள் மேலே காட்டிப் பார்க்கும் தளங்கள் உண்டு. அந்தச் சலுகை தீர்ந்ததும் பழைய விற்பனையும் மதிப்புரைகளும் கணக்கில் இல்லாமல் வெறுங்கையோடு நிற்கவேண்டியதுதான். திருத்துங்கள், அழிக்காதீர்கள்.

ரபீக் சொன்னது பாதி சரி. விளம்பரத்துக்கென்று தனி இடங்கள் உண்டு, அவற்றில் விளம்பரம் என்ற குறியும் இருக்கும். மீதி இடங்களைப் பொதுவாகக் காசு கொடுத்து நேரே வாங்க முடியாது. விளம்பரத்தால் வந்த விற்பனை பிறகு அந்தப் பொருளின் கணக்கில் சேர்ந்து மற்ற இடங்களிலும் கைகொடுக்கக் கூடும், அதனால்தான் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றுகிறது.

மங்கை, அப்பாவுக்குச் சொல்லவேண்டியது இரண்டு வேலைகள். முதல் வேலை பொறுக்குவது. ஒருவர் ‘ஜிப் வைத்த துணிப்பை’ என்று தட்டினால், தலைப்பிலும் வகையிலும் நிறம், துணி, அளவு என்ற கட்டங்களிலும் அந்தச் சொற்களோடு ஒத்துப்போகும் சரக்கைத் தளம் ஒதுக்குகிறது. இங்கே விழாத பொருளுக்கு வரிசையே கிடையாது. இரண்டாவது வேலை, பொறுக்கியதை அடுக்குவது. இதே சொல்லைத் தட்டியவர்கள் முன்பு எதைத் தொட்டார்கள், எதை வாங்கினார்கள், எது சீக்கிரம் போய்ச் சேரும், விலையும் அனுப்பும் செலவும் எவ்வளவு, கையிருப்பு இருக்கிறதா, எது திரும்பி வந்தது என்று பார்த்து அடுக்குகிறது. தையலின் நேர்த்தி இதில் நேராக வராது. வாங்கியவர் எழுதும் மதிப்புரையாகவும், திரும்பி வராத பையாகவும் மெல்ல வரும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019/1150 ஒழுங்குமுறை 2020 ஜூலை 12 முதல் நடப்பில் இருக்கிறது. ரேங்கிங்கைத் தீர்மானிக்கும் முதன்மைக் காரணிகளைத் தளங்கள் விற்பவருக்குச் சொல்லவேண்டும் என்கிறது. கணக்கையே திறந்து காட்டச் சொல்லவில்லை. அதில் ரேங்கிங்குக்குத் தரும் விளக்கத்தில் தரம் என்ற பேச்சே இல்லை. ஒரு பொருள் மற்றவற்றோடு ஒப்பிட எவ்வளவு எடுப்பாகக் காட்டப்படுகிறது என்பதே அங்கே பொருள். அதை ஒட்டி ‘முன்னிறுத்தம்’ என்று ஆக்கலாமா என்று பார்க்கிறேன்.

மங்கை, செவ்வாய்

நன்றி ஐயா. அப்பாவுக்கு இதெல்லாம் சரி, ஆனால் “எனக்கு எங்கே கோளாறு என்று எப்படித் தெரியும்?” என்று கேட்பார். விற்பனையாளர் பக்கத்தில் இம்ப்ரஷன், கிளிக், ஆர்டர் என்று மூன்று எண்கள் வருகின்றன. இம்ப்ரஷனுக்கு அகராதியில் ‘பதிவு’, ‘எண்ணப்பதிவு’ என்றெல்லாம் இருக்கிறது. அப்பா அதைப் பத்திர ஆபீஸ் என்று நினைப்பார்.

நாகராசன், புதன்

பொருள் எத்தனை முறை கண்ணில் பட்டது, எத்தனை பேர் தொட்டார்கள், எத்தனை பேர் வாங்கினார்கள், இவைதான் அந்த மூன்று எண்கள். இடமிருந்து வலமாகப் படித்தால் போதும். கணக்கு வசதிக்காக எண்களை நானே எடுத்துக்கொள்கிறேன்.

அப்பாவின் பைக்குத் தலைப்பு ‘நீலமலர் 07’ என்று இருக்கிறது என்று வையுங்கள். நான்கு வாரத்தில் ‘ஜிப் வைத்த துணிப்பை’ என்ற தேடலில் அது கண்ணில் பட்டது 0 முறை. இது முதல் வேலையில் வந்த கோளாறு. யாரும் நீலமலர் என்று தேடுவதில்லை. விலையைக் குறைத்தாலும் படத்தை மாற்றினாலும் பயனில்லை. தலைப்பை ‘ஜிப் வைத்த பருத்தித் துணிப்பை, நீலம், தோளில் மாட்டுவது’ என்று மாற்றி, காலியாக விட்ட கட்டங்களை நிரப்பவேண்டும். அதற்காகத் தலைப்பில் இருபது சொற்களைத் திணிக்கவும் கூடாது. கைப்பேசியில் முதல் சில சொற்கள்தான் தெரியும், மீதி அறுந்துபோகும்.

அடுத்த நான்கு வாரம். 2,400 முறை கண்ணில் பட்டது, 12 பேர் தொட்டார்கள். ஆயிரத்துக்கு 5. அவருடைய இன்னொரு பை அதே காலத்தில் 1,800 முறை பட்டு 36 பேர் தொட்டிருக்கிறார்கள், ஆயிரத்துக்கு 20. அப்படியானால் கோளாறு முதல் படத்திலோ தெரியும் விலையிலோ இருக்கிறது. படத்தை விரலகலத்துக்குச் சுருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். நான்கு பைகளை மடித்து வைத்து எடுத்திருந்தால் அந்த அளவில் அது துணிக்கட்டாகத் தெரியும், ஜிப் தெரியாது. ஒரே பை, வெள்ளைப் பின்னணி, ஜிப் முன்பக்கம்.

படம் மாறிய பின் 2,500 முறை பட்டு 50 பேர் தொட்டார்கள், 2 பேர் வாங்கினார்கள் என்று வையுங்கள். இப்போது கை வைக்கக் கூடாது. ஐம்பதில் இரண்டு என்பது அடுத்த மாதம் ஒன்றாகவும் ஆகலாம், ஐந்தாகவும் ஆகலாம். சில நூறு பேர் தொட்ட பிறகும் வாங்குவோர் குறைவென்றால்தான் அனுப்பும் செலவு, அளவு எழுதாத விவரம், மதிப்புரை இல்லாமை என்று தேடவேண்டும். ஒரே நேரத்தில் தலைப்பு, படம், விலை மூன்றையும் மாற்றினால் எதனால் ஏறியது என்று தெரியவே தெரியாது.

இரண்டு எச்சரிக்கை. அப்பா தினமும் தன் பையைத் தானே தேடிப் பார்ப்பார், எல்லோரும் செய்வதுதான். பழைய தேடல்களை நினைவு வைத்துக்கொண்டு தளம் அவருக்கு அவர் பையையே மேலே காட்டக்கூடும். கணக்கிலிருந்து வெளியேறி, உலாவியின் மறைச் சாளரத்தில் தேடினால் ஓரளவு உண்மை தெரியும். அங்கும் வாங்குபவரின் ஊருக்கு ஏற்ப வரிசை மாறும். உறவினரை விட்டுத் தொடச் சொல்வதும் வேண்டாம். தொட்டவர் கூடி வாங்கியவர் கூடாவிட்டால் விகிதம்தான் விழும், விதிமீறலும் ஆகும்.

மேலே இருப்பதாலேயே ஒன்று அதிகம் தொடப்படுகிறது என்பதையும் சொல்லிவிடுங்கள். தளங்கள் இதைக் கழித்துக் கணக்கிட முயல்கின்றன, முழுக்க முடிவதில்லை. கீழே இருப்பது மோசம் என்பதற்குச் சான்று இல்லை.

ரபீக், புதன்

விளம்பரம் பற்றி ஒப்புக்கொள்கிறேன், பாதிக்கு. முதல் திரை முழுவதும் விளம்பரமாகவே இருக்கும்போது ‘மீதி இடம்’ எங்கே தொடங்குகிறது என்று அப்பாவுக்குக் காட்டுங்கள். குறிப்பில் அதற்கு ஒரு படம் வேண்டும்.

இம்ப்ரஷனுக்கு நாகராசன் ஐயாவே சொல் கொடுத்துவிட்டார்: ‘கண்ணில் பட்டது’.

இளங்கண்ணன், வியாழன்

‘கண்ணில் பட்டது’ சொற்றொடர், கலைச்சொல் அன்று. நாளை அதை அடையாக்கி ‘கண்ணில்பட்டது விகிதம்’ என்பீர்களா? ‘கட்புலன்’ பழஞ்சொல், அதிலிருந்து ‘கட்படுகை’ எனலாம். படு என்னும் வினை கண்படுதல் என்று வரும்போது உறங்குதலையும் குறிக்கும் என்பதை அறிவேன்…

செல்வி, வியாழன்

உறங்குவதா? ஐயா, என் பொருள் ஏற்கெனவே உறங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

‘முன்னிறுத்தம்’ என்றால் எனக்குப் பேருந்து நிறுத்தம்தான் நினைவுக்கு வருகிறது. ‘தேடல் வரிசை’க்கு என் வாக்கு.

நாகராசன், வியாழன்

நானும் முன்னிறுத்தத்தைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் ‘தேடல் வரிசை’ அடுக்கிக் கிடப்பதைச் சொல்கிறதே ஒழிய, அடுக்கும் செயலைச் சொல்லவில்லை. குறிப்பில் இரண்டும் வருகின்றன. செயலுக்கு ‘வரிசைப்படுத்தல்’ என்று போட்டால் நீளம். பெயர், விலைப்படி அடுக்குவதற்கும் அதே சொல்லைத்தான் தளங்களின் பொத்தானில் போட்டிருக்கிறார்கள். அப்பா அந்தப் பொத்தானை அழுத்தித் தேடுவார்.

மங்கை, வெள்ளி

நேரம் முடிந்தது. அடுக்கி இருப்பதற்கு ‘தேடல் வரிசை’, செயலுக்கு ‘பொறுக்குதல்’, ‘அடுக்குதல்’, எண்களுக்கு ‘பட்டது, தொட்டது, வாங்கியது’ என்று போட்டு அச்சுக்கு அனுப்பிவிட்டேன். விளம்பரக் குறி தெரியும்படி திரையைப் பிடித்த படம் ஒன்றும் சேர்த்திருக்கிறேன். ‘தரவரிசை’ என்று தளத்தில் பார்த்தால் இதைத்தான் சொல்கிறார்கள் என்று அடியில் ஒரு வரி.

அப்பா படித்துவிட்டார். சரக்கு தீர்ந்த பத்து நாளில் கீழே இறங்கிய பை, திரும்ப ஏற்றியதும் பழைய இடத்துக்கு வருமா என்று கேட்கிறார்.

நாகராசன், வெள்ளி

உடனே வராது. பழைய கணக்கு அழிவதில்லை, ஆனால் அண்மை விற்பனைக்குக் கூடுதல் எடை கொடுக்கும் தளத்தில் அந்தப் பத்து நாள் வெற்றிடமாக நிற்கும். அடுத்த முறை கடைசி இரண்டு மூன்று பை இருக்கும்போதே தைக்கத் தொடங்கச் சொல்லுங்கள்.

இளங்கண்ணன், சனி

அச்சாகிவிட்டது என்று அறிகிறேன். ‘பட்டது, தொட்டது’ மூன்றாம் வகுப்புத் தமிழ். என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளவும். ‘தேடுநிரல்’ பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.